ஐந்து கிலோபைட்டில் ஒரு சர்வர்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. இனி சர்வர்களுக்குள் யாரும் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வேண்டாம், எல்லாமே பிரவுசரில் திறக்கும் கன்சோல் வழியாகத்தான். 22ஆம் போர்ட்டை மொத்தமாக மூடிவிடலாம். இதற்கு மூன்று பக்க ஆவணம், படங்களோடு. மூன்றாம் பக்கத்தில் எதிர்ப்புகளுக்கான பதில் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஒரு வரி: இன்றைக்கு இணைய வேகம் யாருக்கும் ஒரு பிரச்சினையே இல்லை.

ஆவணத்தின் மற்ற பகுதிகளோடு எனக்குப் பெரிய சண்டை கிடையாது. இந்த ஒரு வரியோடுதான் சண்டை.

இந்த வரியை எழுதியவர் நல்ல பொறியாளர். ஆனால் அவர் வீட்டில் ஃபைபர், அலுவலகத்தில் ஃபைபர், நடுவில் மெட்ரோவில் 5ஜி. மனிதன் தன் காலுக்குக் கீழே இருக்கும் தரையைத்தான் உலகம் என்று நினைத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் இருந்தேன், சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மலைக்குப் போகும்வரை.

கொடைக்கானலிலிருந்து இறங்கிப் போகும் ஒரு கிராமம். அங்கே வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், போனை மேற்குப் பார்த்து வைத்தால் மேலே 'E' என்று ஓர் எழுத்து வரும். எட்ஜ். காகிதத்தில் அதன் வேகம் விநாடிக்கு இருநூறு கிலோபிட்டுக்கு மேல். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது விநாடிக்குச் சராசரியாக ஐந்து கிலோபைட், அதாவது நாற்பது கிலோபிட். பிங் போட்டுப் பார்த்தால் ஒரு பாக்கெட் போய்த் திரும்ப 700 மில்லிவிநாடி, பத்தில் ஒன்று வழியிலேயே தொலைந்தது.

இரவு ஒன்பதே முக்காலுக்கு போன். புதிதாகச் சேர்ந்த பையன். "அண்ணே, ஆர்டர் எதுவும் சேவ் ஆகல. No space left on device-னு வருது. அனுமதி இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் ஃப்ளைட்ல இருக்கார். நீங்கதான்."

நான் முதலில் செய்தது முட்டாள்தனம். பழக்கதோஷத்தில் பிரவுசரைத் திறந்தேன். ஆம், ஆவணம் புகழும் அதே கன்சோல், அப்போதே சோதனைக்கு வைத்திருந்தார்கள். உள்ளே நுழைவதற்கு முன் அது இறக்குகிற ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு, சின்னங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய நான்கு மெகாபைட். விநாடிக்கு ஐந்து கிலோபைட் என்றால் எண்ணூறு விநாடி, பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல். இது ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் வந்தால். நடுவில் ஓடிபி கேட்டது. எஸ்எம்எஸ் உடனே வந்துவிட்டது. அதை உள்ளிட வேண்டிய பக்கம் முழுதாக வருவதற்குள் ஓடிபி காலாவதி. இரண்டாம் முறையும் அதே கதை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து அத்தை, "ஏம்ப்பா, எல்லாரும் உக்காந்தாச்சு, இலை போட்டாச்சு, மாடில என்ன பண்றே?" என்று குரல் கொடுத்தாள்.

மூடிவிட்டு டெர்மினலைத் திறந்தேன்.

எஸ்எஸ்எச் உள்ளே போகவே பத்து விநாடி போல ஆகும், அது பரவாயில்லை. டிசிபி கைகுலுக்கல், பதிப்பு அறிவிப்பு, சாவிப் பரிமாற்றம், அடையாளச் சோதனை என்று ஏழெட்டு முறை போய்வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 700 மில்லிவிநாடி. ஆனால் மொத்தமாகக் கடத்தப்படுவது சில கிலோபைட்தான். இங்கேதான் முதல் விஷயம். மெதுவான இணைப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று குழாய் குறுகலாக இருப்பது. இன்னொன்று குழாய் நீளமாக, ஓட்டையாக இருப்பது. குறுகலுக்குச் சுருக்குதல் மருந்து. நீளத்துக்கும் ஓட்டைக்கும் சுருக்குதலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எஸ்எஸ்எச்சில் நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால் அது உடனே திரையில் தெரிவதில்லை. அந்த எழுத்து சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிரொலித்துத் திரும்பி வந்தபிறகுதான் தெரிகிறது. நல்ல இணைப்பில் இது இருபது முப்பது மில்லிவிநாடி, யாரும் கவனிப்பதில்லை. மலையில், தட்டியதற்கும் தெரிவதற்கும் நடுவில் முக்கால் விநாடி. ஒரு பாக்கெட் தொலைந்தாலோ இன்னும் மோசம். டிசிபி வரிசை தவறாமல்தான் எதையும் கொடுக்கும். தொலைந்த ஒன்றை மீண்டும் அனுப்பும்வரை பின்னால் வந்ததெல்லாம் கதவுக்கு வெளியே காத்திருக்கும். மறுபடி அனுப்பியதும் தொலைந்தால் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்து அனுப்பும், பிறகு நான்கு மடங்கு. திரை எட்டுப் பத்து விநாடி கல்லாக உறைந்து நிற்கும், திடீரென்று நீங்கள் அடித்ததெல்லாம் ஒரே கொத்தாக வந்து விழும்.

இப்படிப்பட்ட நேரத்தில் யாராவது ஒருவர் வாட்ஸாப்பில் வந்து "-C போடுங்க ப்ரோ" என்பார். எஸ்எஸ்எச்சின் சுருக்கும் வசதி. எங்கள் தரப்பு ஆட்களின் மூடநம்பிக்கை இது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை எழுத்தைச் சுருக்க என்ன இருக்கிறது? அந்த எழுத்தைச் சுமக்கும் பாக்கெட் ஏறக்குறைய நூறு பைட். அதில் பெரும்பங்கு முகவரி, சங்கேதம், சரிபார்ப்பு. -C அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. ஒரு முழுத்திரை எழுத்து இறங்கும்போது அது உதவும், மறுக்கவில்லை. தட்டச்சின் தாமதத்துக்கு அது திருநீறு பூசுவது மாதிரி.

தாமதத்துக்கு உண்மையான மருந்தை 2012இல் எம்ஐடியில் கீத் வின்ஸ்டைனும் ஹரி பாலகிருஷ்ணனும் கொடுத்தார்கள். மோஷ் என்று பெயர். அது பைட்களின் வரிசையை அனுப்புவதில்லை. சர்வரில் ஒரு திரை, உங்களிடம் ஒரு திரை, இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் யூடிபி வழியாக அனுப்புகிறது. நடுவில் ஏதாவது தொலைந்தால் அழுவதில்லை, அடுத்த முறை இப்போதைய நிலையை அனுப்பிவிடும். நீங்கள் தட்டும் எழுத்தை, சர்வர் அநேகமாக இதைத்தான் காட்டும் என்று ஊகித்து உடனே வரைந்துவிடும். உறுதிப்படாத எழுத்துக்கு அடிக்கோடு இருக்கும், உறுதியானதும் கோடு மறையும். அவர்கள் கட்டுரையில் இருக்கும் கணக்கு: ஒரு 3ஜி இணைப்பில் எஸ்எஸ்எச்சின் நடுத்தரத் தாமதம் 503 மில்லிவிநாடி, மோஷில் ஐந்துக்கும் கீழே. டவர் போய்வந்தாலும், ஐபி முகவரி மாறினாலும் தொடர்பு அறுவதில்லை.

என் சொந்த சர்வரில் மோஷ்தான். அலுவலகத்தில் இல்லை. அதற்கு 60000க்கு மேலான யூடிபி போர்ட்களைத் திறக்க வேண்டும், பாதுகாப்புக் குழு ஒப்பவில்லை. நடுவில் ஒரு தாவல் சர்வர் இருந்தால் மோஷ் நேரடியாகத் தாண்டிப் போகவும் முடியாது. ஆக, அன்றிரவு என்னிடம் இருந்தது வெறும் எஸ்எஸ்எச்சும் டிமக்ஸும். டிமக்ஸ் தாமதத்தைக் குறைக்காது. ஆனால் இணைப்பு அறுந்தாலும் வேலை சர்வரில் அப்படியே உயிரோடு இருக்கும், திரும்பி வந்து `tmux attach -d` என்றால் விட்ட இடம் கிடைக்கும். அன்று நான்கு முறை அறுந்தது.

உள்ளே போனதும் இன்னொரு தவறு. டிமக்ஸுக்குள் போகும்முன் அவசரத்தில் லாகை `tail -f` போட்டுவிட்டேன். அது விநாடிக்கு நூற்றுக்கணக்கான வரி கொட்டும் லாக். கண்ட்ரோல்-சி அடித்தேன், நிற்கவில்லை. சர்வரில் அது எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் முந்நூறு கிலோபைட் கிளம்பி, வழியில் இருக்கும் இடைநினைவகங்களில் வரிசை கட்டி நிற்கிறது. விநாடிக்கு ஐந்து கிலோபைட்டில் அது வடிய ஒரு நிமிடம். எழுத்துதானே, இலேசானது என்று நினைப்பதும் நம்மவர்களின் இன்னொரு மயக்கம். வண்ணம் பூசிய முன்னேற்றப் பட்டை ஒன்று விநாடிக்குப் பத்து முறை தன்னைத்தானே அழித்து வரைந்தால், அது மட்டுமே என் குழாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதன் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டுப் பிறகு கடைசி மூன்று வரியை மட்டும் பார்ப்பதே முறை. எழுத்துக் கருவி என்பதாலேயே எதுவும் சிக்கனமாகிவிடாது.

சரி, கதைக்கு வருகிறேன். `df` போட்டால் 60 ஜிபி வட்டு நூறு சதவீதம் நிறைந்திருக்கிறது. `du` போட்டு எல்லா அடைவுகளையும் கூட்டினால் 22 ஜிபிதான். மீதி 38 ஜிபி எங்கே? இப்படிக் கணக்கு உதைத்தால் அநேகமாக ஒரே காரணம்தான். யாரோ ஒரு கோப்பை `rm` செய்திருக்கிறார்கள், ஆனால் ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் அழித்தல் என்றால் பெயரை அழிப்பது மட்டுமே. கையில் பிடித்திருப்பவன் விடும்வரை உடல் வட்டில் கிடக்கும், இன்னும் எழுதினால் வளரவும் செய்யும். பெயர் இல்லாததால் `du` கண்ணுக்குத் தெரியாது.

```
sudo lsof -nP +L1 | sort -n -k7 | tail -3
```

பெயரிழந்த கோப்புகளைக் காட்டு, அளவின்படி அடுக்கு, கடைசி மூன்றை மட்டும் அனுப்பு. திரும்பி வந்தது முந்நூறு பைட்கூட இருக்காது. எங்கள் ஆர்டர் நிரல்தான், 2417 என்ற எண்ணில் ஓடிக்கொண்டு, 9ஆம் கைப்பிடியில் 38 ஜிபி லாகைப் பிடித்துக்கொண்டிருந்தது. அழித்த புண்ணியவான் யார் என்று தேடினால், வாராவாரம் ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட். எழுதியது நான். மூன்று வருடம் முன்பு.

நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் கிடைத்துவிடும். ஆனால் சேமிக்க முடியாத ஆர்டர்கள் அதன் நினைவகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தன, நிறுத்தினால் அவை போயே போச்சு. ஆகவே ஓடும்போதே அந்தக் கோப்பைக் காலி செய்ய வேண்டும். காலி செய்வதற்கு முன் உள்ளே என்ன நிறைந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், பிறகு கேட்டால் ஆதாரம் இருக்காது. அதற்கும் கோப்பை இறக்க வேண்டியதில்லை:

```
sudo tail -c 20M /proc/2417/fd/9 | cut -c21-80 |
  sort | uniq -c | sort -rn | head -5
```

கடைசி இருபது மெகாபைட்டை மட்டும் எடு, நேரமுத்திரையை வெட்டு, ஒரே மாதிரி வரிகளை எண்ணு, அதிகம் வந்த ஐந்தைச் சொல். இருபதோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. `sort` பெரிய தரவைத் தற்காலிகக் கோப்பில் எழுதித்தான் அடுக்கும், நிறைந்த வட்டில் அதற்கும் இடமிருக்காது. பதில் ஐந்து வரி. பணம் செலுத்தும் சேவையிலிருந்து பதில் வரவில்லை, மீண்டும் முயல்கிறேன் என்ற ஒரே புலம்பல் லட்சக்கணக்கில்.

அடுத்த கட்டளைதான் பயங்கரமானது.

```
sudo ls -l /proc/2417/fd/9
sudo sh -c ': > /proc/2417/fd/9'
```

இரண்டாவது வரியில் 9க்குப் பதில் 6 என்று விழுந்தால், அங்கே ஒரு உயிருள்ள தரவுக் கோப்பு இருந்தால், அது பூஜ்யம். முக்கால் விநாடித் தாமதத்தில் என்ன அடித்தோம் என்று தெரியாமலே என்டரைத் தட்டும் ஆசை வரும். அதனால் இதுபோன்ற வரிகளை நேராக டெர்மினலில் அடிக்கக் கூடாது. லேப்டாப்பில் ஒரு எடிட்டரில் அடித்து, வாய்விட்டுப் படித்து, மொத்தமாக ஒட்ட வேண்டும். ஒட்டியதைத் திரையில் முழுசாகப் பார்த்தபிறகே என்டர். முதல் வரியின் பதிலில் அந்த லாகின் பெயரும், கடைசியில் `(deleted)` என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இரண்டாவதை ஒட்டினேன். `df` 37 சதவீதம் என்றது. பையன் போனில் "அண்ணே, ஓடுது!" என்று கத்தினான். மணி பத்து இருபது. அத்தை எனக்கென்று எடுத்துவைத்த வடை ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை எந்தெந்தக் கோரிக்கைகள் தோற்றன என்று கணக்குப்பிரிவு கேட்டது. குழுவில் ஒரு குரல்: "அக்சஸ் லாகை டவுன்லோட் பண்ணி அனுப்பிடுங்களேன்." இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த லாக் 2.1 ஜிபி. விநாடிக்கு ஐந்து கிலோபைட்டில் கிட்டத்தட்ட ஐந்து நாள். சரி, சுருக்கி இறக்கலாம். லாக் என்பது திரும்பத் திரும்ப ஒரே சொற்கள் வரும் எழுத்து, அருமையாகச் சுருங்கும், எங்களுடையது பதினைந்தில் ஒரு பங்காக ஆகும். 140 மெகாபைட். ஏழே முக்கால் மணி நேரம். சுருக்குதலின் முழு வீரமும் இவ்வளவுதான். அதற்குப் பதில்:

```
ssh app1 "grep '/2024:21:[0-3]' access.log |
  grep ' 500 ' | xz" > err.xz
```

ஒன்பது மணியிலிருந்து ஒன்பது முப்பத்தொன்பதுவரை தோற்றவை மட்டும். சர்வரிலேயே சலித்தபின் அது 600 கிலோபைட், xz-க்குப் பிறகு 40 கிலோபைட். எட்டு விநாடி. சலிப்பது மூவாயிரம் மடங்குக்கு மேல் குறைத்தது, சுருக்குதல் அதன்மேல் பதினைந்து மடங்கு. -C போட்டிருந்தாலும் இதில் பலன் இருந்திருக்கும், ஆனால் அதிலிருக்கும் ஸிலிப் முறை 32 கிலோபைட் தூரம்வரைதான் பின்னால் திரும்பிப் பார்க்கும். Xz வழக்கமான அமைப்பிலேயே எட்டு மெகாபைட் பார்க்கும். ஏற்கெனவே xz ஆனதை -C மேலும் சுருக்க முடியாது, இரண்டையும் போடுவது வீண்.

பிரவுசர் கன்சோலின் அடிப்படைப் பிழை அதன் கனம் மட்டுமில்லை. அது எல்லாவற்றையும் என் திரைக்குக் கொண்டுவந்து பிறகு தேடச் சொல்கிறது. நான் கேட்க விரும்பும் கேள்வியை அதற்கு முன்பே யாரோ ஊகித்து ஒரு பொத்தான் வைத்திருந்தால் தப்பித்தேன். பெயரிழந்த கோப்பைப் பிடித்திருப்பவன் யார் என்று கேட்கும் பொத்தான் எந்த டாஷ்போர்டில் இருக்கிறது?

இதைச் சொன்னால் உடனே கறுப்புத் திரை, பச்சை எழுத்து என்று போட்டோ போடும் கூட்டத்தில் என்னைச் சேர்க்கிறார்கள். எனக்கு அந்தத் துறவறத்தில் ஆர்வமில்லை. ஊரில் ஃபைபர் இருக்கும்போது நானும் படம் வரையும் கருவிகளைத்தான் பயன்படுத்துகிறேன். எழுத்துக் கருவிகள் இப்படி இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சியும் இல்லை. பில் ஜாய் எழுபதுகளின் கடைசியில் விஐ எடிட்டரை எழுதியபோது அவர் மனதில் இருந்தது 300 பாட் மோடம். விநாடிக்கு முப்பது எழுத்து. எண்பதுக்கு இருபத்துநான்கு என்ற திரை முழுவதையும் ஒருமுறை வரைய ஒரு நிமிடத்துக்கும் மேல். அதனால்தான் அதில் ஒற்றை எழுத்துக் கட்டளைகள். `dw` என்றால் ஒரு சொல் போகும், `5dd` என்றால் ஐந்து வரி போகும். புதுசாகக் கற்பவர்கள் திட்டும் அந்த விசித்திரங்கள், தாமதத்தோடு வாழ்ந்த ஒருவர் கண்டுபிடித்த சிக்கனம். அந்த மலைமாடியில் என் குழாய் அவருடையதைவிட நூற்றைம்பது மடங்கு அகலம். அதில் ஒரு உள்நுழைவுப் பக்கம் திறக்கவில்லை.

ஆவணத்தின் மற்ற வாதங்கள் நியாயமானவை, ஒப்புக்கொள்கிறேன். வேலையை விட்டுப் போனவர்களின் சாவிகள் சர்வர்களில் அப்படியே கிடக்கின்றன. யார் எப்போது என்ன கட்டளை போட்டார்கள் என்ற பதிவு நம்மிடம் இல்லை. நான் போட்ட அந்தக் கடைசி வரியே பார்க்கப்போனால் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடந்தது. ஆனால் இவை எஸ்எஸ்எச்சின் குறைகள் இல்லை, நாம் அதை வைத்திருக்கும் விதத்தின் குறைகள். எட்டு மணி நேரத்தில் தானாகவே செத்துப்போகும் எஸ்எஸ்எச் சான்றிதழ்கள் கொடுக்கலாம், ஓபன்எஸ்எஸ்எச்சில் அது பல வருடமாக இருக்கிறது. எல்லோரும் ஒரே தாவல் சர்வர் வழியாக நுழைந்து, அங்கே அமர்வு முழுவதும் பதிவாகும்படி செய்யலாம். கன்சோலையும் வையுங்கள், யார் வேண்டாம் என்றது? 22ஐ வெளியுலகத்துக்கு மூடி, தாவல் சர்வருக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

இதையெல்லாம் பதிலாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த மூன்றாம் பக்க வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: கூட்டத்துக்கு முன் எல்லோரும் போன் அமைப்பில் 2ஜி மட்டும் என்று வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, கன்சோலில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். ஜியோ வைத்திருப்பவர்கள் வேறு சிம் கடன் வாங்க வேண்டும், அதில் 2ஜி கிடையாது. கூட்டம் வெள்ளிக்கிழமை. இதுவரை ஒருவர் மட்டும் செய்து பார்த்திருக்கிறார், அன்றிரவு போன் செய்த அதே பையன். இருபத்திரண்டு நிமிடம் ஆச்சாம், மூன்றாவது ஓடிபியில் உள்ளே போனானாம்.

என் பழைய ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் `logrotate` போட்டாகிவிட்டது, `copytruncate` என்ற வரியோடு.